மூடுபனியிலிருந்து ஒரு கல்யாணப் பாட்டு

என் அண்ணாவின் மகளுக்கு டொரொன்டோவில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்தில் வரவேற்பு. மண்டபம், சாப்பாடு, மணவறை அலங்காரம் எல்லாம் பேசி முடித்த பிறகும் ஒரு விஷயம் மட்டும் இழுபட்டுக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள் தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் கேட்டாள்:

“மாமி, முதல் நடனத்துக்கு ஒரு பாட்டுச் சொல்லுங்கோ. எல்லாரும் போடுற பாட்டு வேண்டாம். ஆனா எங்களுக்கு அர்த்தமுள்ளதா இருக்கோணும்.”

முதல் நடனம் மேற்கத்தியக் கல்யாண விருந்துகளின் வழக்கம். மணமக்கள் இருவரும் ஆடுகளத்தின் நடுவே வந்து, ஒரு பாட்டுக்குத் தனியாக ஆடுவார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அது முடிந்த பிறகுதான் ஆடுகளம் எல்லோருக்கும் திறக்கும். கனடாவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த நம் பிள்ளைகள் இதைத் தங்கள் வரவேற்பிலும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் மாப்பிள்ளை நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்து உறவினர் ஐம்பது பேர் விமானம் ஏறி வருகிறார்கள். அதனால் முதல் நடனம் இல்லாமல் விருந்து நடத்துவது என்ற பேச்சே எழவில்லை.

இருவரும் தனித்தனியாக எழுதி வைத்திருந்த பட்டியல்களை மேசையில் விரித்தோம். எட் ஷீரனின் ‘பெர்ஃபெக்ட்’, ஜான் லெஜெண்டின் ‘ஆல் ஆஃப் மீ’, எல்விஸ் பிரெஸ்லியின் ‘கான்ட் ஹெல்ப் ஃபாலிங் இன் லவ்’. தமிழில் ‘முன்பே வா’, ‘வசீகரா’. இவை நல்ல பாட்டுகள் என்பதால்தான் எல்லாக் கல்யாணங்களிலும் ஒலிக்கின்றன. அதுவேதான் சிக்கலும். முதல் இரண்டு நொடியிலேயே மண்டபத்தில் இருப்பவர்களின் மனசில் வேறு யாருடைய கல்யாணமோ வந்துவிடும். போன மாதம் ஒன்றுவிட்ட தம்பி ஆடியது, அதற்கு முன் வேலையிடத்துத் தோழி ஆடியது. கண்முன்னால் ஆடும் இந்த இருவரும் மூன்றாம் இடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஐந்தையும் அடித்துவிட அவளே பேனாவை எடுத்தாள்.

பிறகு நடந்ததுதான் பலர் விழும் பள்ளம். யாருமே கேட்டிராத பாட்டு வேண்டும் என்று இருவரும் இணையத்தில் தேடத் தொடங்கினார்கள். ஒரு வாரத்தில் நாற்பது பாட்டுகள் சேர்ந்தன. ஒவ்வொன்றும் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் “இந்தப் பாட்டு உங்கள் வாழ்க்கையில் எப்போது வந்தது?” என்று கேட்டால், “போன புதன்கிழமை” என்பதுதான் பதில். புதிதாகக் கண்டெடுத்த பாட்டில் அவர்கள் இருவரின் நினைவு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

நான் கேள்வியை மாற்றிப் போட்டேன். பாட்டைத் தேடாதே, பிள்ளை. நீங்கள் இருவரும் சேர்ந்திருந்தபோது எந்தெந்த நேரத்தில் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று மட்டும் எழுது. காரில், சமையலறையில், ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில், எங்கேயானாலும் சரி. காதல் பாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அப்போது யார் இருந்தார்கள், என்ன நடந்தது என்று ஒரு வரி.

இரண்டு நாளில் ஏழு வரிகள் வந்தன. ஐந்தாவது வரியைப் படித்ததும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

என் அண்ணா எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்கு வந்தவர். தொழிற்சாலையில் விடிகாலை வேலை. மகளைப் பிள்ளைப் பராமரிப்பு இல்லத்தில் இறக்கிவிட்டு, 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போவார். காரில் இளையராஜா கசெட் ஒன்று நிரந்தரமாகச் செருகியிருக்கும். அதில் அவள் தூக்கக் கலக்கத்தில் கேட்டு வளர்ந்த பாட்டு ‘என் இனிய பொன் நிலாவே’. ஜேசுதாஸின் குரலும் கிற்றாரும். பல வருடம் கழித்து, இந்தப் பையனை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, அண்ணாவுக்கும் அவருக்கும் பேச ஒரு விஷயமும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணா வழக்கம்போல அந்தப் பாட்டைப் போட்டிருக்கிறார். பையன் எழும்பிப் போய், மூலையில் தூசி படிந்து கிடந்த கிற்றாரை எடுத்துச் சுருதி சேர்த்து, தொடக்க இசையைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து வாசித்திருக்கிறார். அண்ணா நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு இரவு பதினொரு மணிவரை வீட்டில் யாரும் படுக்கவில்லை.

இதற்கு மேல் ஒரு பாட்டிடம் என்ன கேட்க முடியும்?

ஆனால் எனக்கு உடனே இன்னொரு நினைவும் வந்தது. அந்தப் பாட்டு 1980இல் வெளிவந்த ‘மூடுபனி’யில் இருப்பது. பாலு மகேந்திரா இயக்கியது, இளையராஜாவுக்கு நூறாவது படம், பாட்டை எழுதியவர் கங்கை அமரன். படத்தின் நாயகன் மனநோய் முற்றிய கொலைகாரன். பிரதாப் போத்தன் நடித்தார். அவன் ஷோபாவைக் கடத்திக்கொண்டு போய் ஊட்டியில் வைத்திருக்கும்போதுதான், கையில் கிற்றாரோடு இந்தப் பாட்டைப் பாடுகிறான். இதையா கல்யாணத்தில் போடுவது?

திரைப்பாட்டோடு வளர்ந்த நமக்கு மட்டும் வரும் கேள்வி இது. ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் தனியாகப் பிறக்கிறது. நம் பாட்டு ஒரு கதைக்குள் பிறக்கிறது, அந்தக் கதையில் யார் யாருக்குப் பாடினார்கள் என்பது ஒரு தலைமுறைக்கே தெரியும். ‘புதிய பறவை’யின் ‘பார்த்த ஞாபகம் இல்லையோ’ எவ்வளவு அழகான பாட்டு. ஆனால் அதை மேடையில் பாடுபவள் யார், அவளுக்குப் பிறகு என்ன நேர்ந்தது என்று படம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ‘கண்ணே கலைமானே’ குழந்தை மனதோடு இருக்கும் பெண்ணைத் தூங்க வைக்கும் தாலாட்டு. மணமகன் மணமகளுக்குச் சொல்ல வேண்டியது அதுவல்ல.

அப்படியானால் கதையைப் பார்த்தே பாட்டைத் தள்ளிவிடலாமா? முடியாது என்பதற்கு ‘முன்பே வா’ சாட்சி. 2006இல் வந்த ‘சில்லுனு ஒரு காதல்’ படத்தில் அது சூர்யாவுக்கும் பூமிகாவுக்குமான பாட்டு. நாயகன் குடும்பம் நடத்துவதோ ஜோதிகாவோடு. அதாவது, கைகூடாமல் போன காதலின் பாட்டுக்குத்தான் நம் பிள்ளைகள் ஊரெல்லாம் கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. பாட்டு படத்தைவிட்டு வெளியேறித் தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டுவிட்டது.

ஆகவே நான் பார்த்தது ஒன்றைத்தான்: இந்த மண்டபத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாட்டோடு என்ன நினைவு வரும்? ஐம்பது வயது கடந்த எங்கள் உறவினர் ஆறு பேருக்குத் தொலைபேசி எடுத்தேன். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “இந்தப் பாட்டு என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்?” என்று மட்டும் கேட்டேன். இலங்கை வானொலி என்றார்கள் இரண்டு பேர். ஜேசுதாஸ் என்றார்கள் இரண்டு பேர். ஒரு பெரியம்மா கிற்றார் படித்த தன் தம்பியைச் சொல்லிக் கண் கலங்கினார். ஒரே ஒரு மாமாதான் “ஐயோ, அந்தக் கொலைகாரப் படம்” என்றார். ஆறில் ஒன்று. மாமாவிடம் பிறகு விஷயத்தைச் சொன்னேன். “கார்க் கசெட் பாட்டோ? அப்ப போடுங்கோ” என்றார்.

கதை இப்படி உதிர்ந்துபோகக்கூடியது. பாட்டின் சொற்கள் அப்படி உதிர மாட்டா. அங்கேதான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ போடலாமே என்று சொல்லியிருந்தார். விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய பிறகு அது உலகக் காதல் கீதமாகிவிட்டது. ஆனால் டாலி பார்ட்டன் அதை எழுதியது, தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் நிகழ்ச்சியை விட்டு விலகும்போது, விடைபெறுவதற்காக. பாட்டு முழுக்க ‘நான் போய்வருகிறேன்’ என்ற பொருள்தான். போலீஸ் குழுவின் ‘எவ்ரி பிரெத் யூ டேக்’ இன்னும் மோசம். பிரிந்துபோனவளை விடாமல் கண்காணிக்கும் ஒருவனின் பாட்டு அது. பல்லவியை மட்டும் கேட்டு முடிவு செய்தால் இப்படி மாட்டிக்கொள்வோம். சொற்களைக் கடைசிச் சரணம்வரை தாளில் எழுதி, இசை இல்லாமல் வாசித்துப் பார்க்க வேண்டும். பிரிவு, மன்னிப்பு, ஏக்கம், நீ வரமாட்டாயா என்ற கேள்வி, இவை எங்கே நுழைகின்றன என்று அப்போதுதான் தெரியும். இரண்டாம் சரணத்தில் மட்டும் உறுத்துகிறது என்றால் அதை வெட்டிவிடலாம். பல்லவியே உறுத்தினால் பாட்டையே விட்டுவிட வேண்டும்.

மாப்பிள்ளை பக்கத்திலிருந்து வந்த உண்மையான போட்டி ‘சாங் ஃபார் த மிரா’. கேப் பிரெட்டனில் ஓடும் மிரா ஆற்றைப் பற்றி அலிஸ்டர் மக்கிலிவ்ரே 1973இல் எழுதிய பாட்டு. ஊரைவிட்டுத் தூரம் வந்தவனின் மனசு அதில் இருக்கிறது. எனக்குக் கேட்டதும் தொண்டை அடைத்தது. நமக்கும் அந்த நோவு தெரியும்தானே. எங்கள் பக்கத்துக்கு அது முற்றிலும் புதிது. ஆனால் மாப்பிள்ளை சொன்னார், அவருடைய ஊரில் அது எல்லோருக்கும் மனப்பாடமாம். தொடங்கினால் ஐம்பது பேரும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்களாம். ஆடுகிறவர்களை யாரும் பார்க்க மாட்டார்கள். பழகிப்போன பாட்டு எது என்பது மண்டபத்தின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அதில் இன்னொரு சிரமமும் இருந்தது. அது வால்ட்ஸ் நடை, மூன்று எண்ணிக்கைப் பாட்டு. நடனப் பள்ளிகளில் மெதுவான வால்ட்ஸை நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு வேகத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கால் மாற்றி வைத்தால், முதல் சுற்று வலது காலில் தொடங்கியது அடுத்த சுற்று இடது காலில் தொடங்கும். பழக்கமில்லாதவர்கள் நான்காம் சுற்றில் குழம்பி நின்றுவிடுவார்கள். நான்கு எண்ணிக்கைப் பாட்டில் ஒவ்வொரு சுற்றும் அதே காலில் தொடங்கும், ஒன்றும் தெரியாவிட்டாலும் அசைந்தாடிச் சமாளிக்கலாம். சேலை கட்டி ஆடுபவளுக்கு வால்ட்ஸில் மேலும் ஓர் ஆபத்து. பின்னால் நீளமாக அடி வைக்கும்போது கொசுவத்தின் நுனி எதிரில் இருப்பவரின் சப்பாத்துக்கு அடியில் போய்விடும். எங்கள் பிள்ளை வரவேற்புக்கும் கூறைச் சேலையைத்தான் உடுத்தப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

அதனால் பொன் நிலாவை என் சமையலறையில் போட்டு, இருவரையும் குளிர்சாதனப் பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் ஆட விட்டோம். அவள் பழைய சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போடவிருக்கும் உயரச் செருப்போடு ஆடினாள். வால்ட்ஸில் வந்த தடுமாற்றம் வரவில்லை. சின்ன அடிகள், ஒரு கை பிடித்து ஒரு சுற்று, திரும்பவும் அருகே. இந்த ஒத்திகையைச் சாதாரண உடையில் செய்வது வீண் வேலை. சேலையும் செருப்பும் சேர்ந்தால்தான் பாட்டின் வேகம் ஒத்துவருமா என்று தெரியும்.

அடுத்தது நீளம். திரைப்பாட்டு பொதுவாக நான்கு, ஐந்து நிமிடம் போகும். நடனம் படிக்காத இருவர் நூறு பேர் முன்னால் அவ்வளவு நேரம் ஆடினால், இரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு செய்த அசைவுகளையே திரும்பச் செய்ய வேண்டிவரும். இரண்டு நிமிடம், கூடிப்போனால் இரண்டரை. நம் பாட்டின் அமைப்பு இதற்கு வசதியாகவே இருக்கிறது. தொடக்க இசை, பல்லவி, இடையிசை, முதல் சரணம், மீண்டும் பல்லவி. அந்த இரண்டாவது பல்லவியில் முடித்துவிடலாம். வெட்டும் இடம் பல்லவியின் கடைசிச் சொல் முடிந்து குரல் மூச்செடுக்கும் இடமாக இருக்க வேண்டும். சொல்லின் நடுவே ஒலியைக் குறைத்தால் பாடகரின் வாயைப் பொத்தியதுபோல் கேட்கும். சொல் முடிந்த பிறகு வரும் இசையை ஆறு ஏழு நொடியில் மெல்லத் தேயவிட்டால் கை தட்டும் ஓசை அதன்மேல் வந்து உட்காரும். தொடக்க இசையை மட்டும் வெட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். மாப்பிள்ளை அன்றைக்குக் கிற்றாரில் வாசித்தது அதைத்தானே. வாசலிலிருந்து ஆடுகளத்தின் நடுவுக்கு அவர்கள் நடந்துவரும் நேரத்துக்கும் அது உதவியது.

எந்தப் பதிவு என்பதையும் நாமே முடிவு செய்து கையில் கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சூடு பட்ட அனுபவம் உண்டு. சில வருடத்துக்கு முன் நெருங்கிய குடும்பமொன்றின் கல்யாணத்தில், மணமக்கள் பாட்டின் பெயரை மட்டும் டி.ஜே.யிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அங்கேயே இணையத்தில் தேடி முதலில் கிடைத்ததைப் போட்டார். அது டிரம்ஸ் ஏற்றிய ரீமிக்ஸ். மெதுவாக ஆடத் தயாராகி நின்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அப்படியே நின்றுபோனார்கள். பெண்ணின் கண்ணில் நீர் வந்ததை நான் பார்த்தேன். அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஆகவே இந்த முறை, வெட்டித் தயாரித்த கோப்பை நாங்களே பென்டிரைவில் கொடுத்தோம், மின்னஞ்சலிலும் அனுப்பினோம். மண்டபத்துக்கு ஒரு மணிநேரம் முன்னதாகப் போய் அதே ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டோம். நல்லவேளை போட்டுப் பார்த்தோம். குத்துப்பாட்டுக்கென்று அடி ஒலியை ஏற்றி வைத்திருந்த ஒலிபெருக்கியில், 1980ஆம் வருடத்துப் பதிவின் கிற்றார் எங்கோ கிணற்றுக்குள் வாசிப்பதுபோல் கேட்டது. டி.ஜே. தம்பி அடி ஒலியை இறக்கி, நடு ஒலியை ஏற்றியதும் ஜேசுதாஸ் முன்னால் வந்துவிட்டார். இந்தப் பாட்டை அன்றைக்கு வேறெந்த நேரத்திலும் போட வேண்டாம் என்றும் அவரிடம் சொல்லி வைத்தோம். சாப்பாட்டு நேரத்துப் பின்னணியிலோ புகைப்படத் தொகுப்பிலோ ஒருமுறை ஓடிவிட்டால், முதல் நடனத்துக்கு வரும்போது அது ஏற்கெனவே கேட்ட பாட்டாகியிருக்கும்.

கடைசியாக ஒரு கவலை இருந்தது. கேப் பிரெட்டனிலிருந்து வருபவர்களுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பாட்டை மொழிபெயர்த்து மேசைகளில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நிலவும் கனவும் மொழிபெயர்ப்பில் வெறும் நிலவும் கனவுமாகத்தான் இருக்கும். அதைவிட, நடந்ததைச் சொல்லலாம். நிகழ்ச்சியை நடத்திய என் மகன் பாட்டுத் தொடங்கும் முன் இரு மொழியிலும் இவ்வளவுதான் சொன்னான்: “மணமகளின் அப்பா ஒவ்வொரு விடியலிலும் காரில் போட்ட பாட்டு இது. மாப்பிள்ளை முதன்முறை வீட்டுக்கு வந்தபோது அவருக்கு வாசித்துக் காட்டியதும் இதைத்தான்.”

கிற்றார் தொடங்கியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடமிருந்து ஒரு மெல்லிய முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. அவர்களுக்குத் தெரிந்த பாட்டு, ஆனால் கல்யாணத்தில் கேட்டதில்லை. இளையவர்கள் பலருக்கு அது புதிது. மாப்பிள்ளை பக்கத்தார் அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா எழுந்து நின்றிருந்தார். உட்காரச் சொல்லி அண்ணி கையை இழுத்தும் உட்காரவில்லை.

மிரா பாட்டு அரை மணிநேரம் கழித்து, மாப்பிள்ளை தன் தாயோடு ஆடியபோது ஒலித்தது. அவர் சொன்னபடியே ஐம்பது பேரும் சேர்ந்து பாடினார்கள். தாயும் மகனும் கால் தடுமாறியதை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணா எனக்குத் தொலைபேசி எடுத்தார். இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது குரலில் தெரிந்தது.

“தங்கச்சி, எல்லாம் நல்லா இருந்தது. ஆனா அந்த ரெண்டாவது சரணத்தை ஏன் வெட்டினனீங்கள்?”